இரவல் போன வங்கிக் கணக்கு: ஆடாதவர் மேல் விழும் வழக்கு

இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடை செய்யும் சட்டம் என்றே அது பேசப்பட்டது. அதற்குள் இருக்கும் ஒரு வேறுபாட்டை அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஆடுபவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது. அவர் பாதிக்கப்பட்டவர் என்பதே அரசின் நிலைப்பாடு. பணம் போய்ச்சேர வழி செய்து கொடுப்பவருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஜாமீன் எளிதில் கிடைக்காத குற்றம் அது. இந்தத் தடையைச் சொல்லும் ஏழாம் பிரிவு வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் குறிப்பிட்டுவிட்டு, பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வேறு எவரையும் சேர்த்துக்கொள்கிறது.

அந்த ‘வேறு எவரும்’ யார் என்று தேடினால், பெங்களூரின் பொம்மசந்திரா, பீனியா பக்கம் தங்கி வேலை செய்யும் ஒரு இளைஞரிடம் போய் நிற்க வேண்டிவரும். அவர் ஒரு பந்தயம்கூடக் கட்டியிருக்க மாட்டார். அறைத்தோழர் கேட்டார் என்று தன் வங்கிக் கணக்கைச் சில நாளுக்குக் கொடுத்திருப்பார். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் வாங்கியிருக்கலாம், சும்மாவே கொடுத்திருக்கவும் கூடும். ஆடி இழந்தவரைவிட ஆடாமல் கணக்கைக் கொடுத்த இவருடைய நிலைமை சட்டத்தின் முன்னால் மோசமானது. இது எப்படி நேர்கிறது என்பதை ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கணக்கை இரவல் கொடுப்பவர்கள் ‘நான் ஒன்றும் செய்யவில்லையே’ என்று நம்பித்தான் கொடுக்கிறார்கள்.

பந்தயத் தளங்களுக்கு அடுத்தவர் கணக்கு ஏன் தேவைப்படுகிறது? சட்டத்துக்கு வெளியே இயங்கும் ஒரு தளம் தன் பெயரில் இந்திய வங்கியில் கணக்குத் திறக்க முடியாது. முறையான பணப்பரிமாற்ற நிறுவனங்களும் அதை வாடிக்கையாளராகச் சேர்க்காது. ஆனால் ஆடுபவர் இந்தியாவில் இருக்கிறார், ரூபாயில் கட்டுகிறார், தன் கைப்பேசியில் இருக்கும் யுபிஐ வழியாகவே கட்ட விரும்புகிறார். அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ள ஏதாவதொரு இந்தியப் பெயர் வேண்டும். மகாதேவ் புக் என்ற பந்தயத் தளத்தின் வழக்கில் அமலாக்கத் துறை விவரித்த அமைப்பும் இதுதான். தலைமை துபாய்ப் பக்கம் இருந்தது. இந்திய ஊர்களில் ‘பேனல்’ என்ற பெயரில் கிளைகளை எடுத்து நடத்தியவர்களோடு 70க்கு 30 என்று லாபப் பங்கீடு இருந்தது. பணம் முழுவதும் பினாமி வங்கிக் கணக்குகளின் வலை வழியாக ஓடியது என்பது அந்தத் துறையின் குற்றச்சாட்டு.

2024 அக்டோபர் 28 அன்று உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் வெளியிட்ட எச்சரிக்கை இன்னும் வெளிப்படையானது. குஜராத், ஆந்திரப் போலீசார் நடத்திய சோதனைகளுக்குப் பின் வந்த அறிவிப்பு அது. டெலிகிராம், ஃபேஸ்புக் வழியாகச் சாதாரண மனிதர்களின் கணக்குகளைத் திரட்டி, வெளிநாட்டிலிருந்து அவற்றை இயக்கி, அந்தக் கணக்குகளையே கோத்து ஒரு கள்ளப் பணப்பரிமாற்ற வாயிலாக மாற்றுகிறார்கள் என்று அது சொன்னது. பீஸ்பே, ஆர்டிஎக்ஸ் பே, போக்கோபே, ஆர்பிபே என்ற பெயர்களையும் குறிப்பிட்டது. இப்படிச் சேர்ந்த வாயிலைப் பந்தயத் தளங்களும், போலி முதலீட்டுத் தளங்களும், போலிப் பங்குச்சந்தைத் தளங்களும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகின்றன. கணக்கைக் கொடுப்பவர் தவறாமல் யோசிக்க வேண்டிய செய்தி இதுதான். கிரிக்கெட் பந்தயத்துக்கு என்று சொல்லித்தான் கணக்கை வாங்குகிறார்கள். ஆனால் எந்தப் பணம் எந்தக் குழாயில் போக வேண்டும் என்பதைக் கணக்குக்காரர் தீர்மானிப்பதில்லை. பந்தயப் பணம் வந்த அதே கணக்கில் ஏமாற்றப்பட்ட ஒரு முதியவரின் சேமிப்பும் வந்து விழும்.

ஆடுபவரின் கைப்பேசியில் இது எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். பணம் போடும் பக்கத்தைத் திறந்தால் ஒரு யுபிஐ முகவரியோ கியூஆர் கோடோ இருக்கும். அதில் வரும் பெயர் தளத்தின் பெயராக இருக்காது, யாரோ ஒரு தனிமனிதரின் பெயராகவோ கேள்விப்படாத ஒரு சின்னக் கடையின் பெயராகவோ இருக்கும். பணம் அனுப்பிவிட்டு, ரசீதின் படத்தையும் அதிலுள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் ஏற்ற வேண்டும். மறுபக்கத்தில் பேனலில் இருப்பவர் கணக்கில் பணம் வந்ததைப் பார்த்துவிட்டு ஆடுபவரின் ஐடியில் ‘காயின்’ ஏற்றுவார். காலையில் ஒரு பெயர் காட்டிய பக்கம் மாலையில் வேறு பெயர் காட்டும். நடுவில் முதல் கணக்கு முடங்கியிருக்கும், அல்லது அதன் அன்றைய வரம்பு தீர்ந்திருக்கும்.

இந்தச் சுழற்சி நடக்கக் கணக்கு எண் மட்டும் போதாது. தொழிலில் இருப்பவர்கள் கேட்பது ‘கிட்’. பாஸ்புக், செக் புத்தகம், ஏடிஎம் கார்டு, நெட்பேங்கிங் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், அந்தக் கணக்கோடு இணைந்த சிம் கார்டு ஆகிய அத்தனையும் சேர்ந்ததுதான் கிட். சிம்மைக் கையில் கொடுக்கத் தயங்குபவரின் போனில் குறுஞ்செய்திகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் ஒரு செயலியை ஏற்றிவிடுவார்கள். சேமிப்புக் கணக்கைவிடக் கரண்ட் அக்கவுண்டுக்கு மதிப்பு அதிகம். அதில் பெரிய தொகைகள் போய்வந்தாலும் வங்கிக்கு உடனே சந்தேகம் வராது. அதனால்தான் உத்யம் சான்றிதழ் எடுத்து, இல்லாத ஒரு கடையின் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறக்கச் சொல்லிக் கேட்பார்கள். மேலே சொன்ன அரசு எச்சரிக்கை உத்யம் சான்றிதழை விற்காதீர்கள், வாடகைக்கு விடாதீர்கள் என்று தனியாகச் சொன்னதும் இதனால்தான்.

இனி ஒரு கணக்கைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடரலாம். இது படிநிலைகளை விளக்க நான் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. இதில் வரும் மனிதரும் தொகைகளும் கற்பனை. சட்டமும் நடைமுறையும் உள்ளபடி. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் 23 வயது இளைஞர். மாதச் சம்பளம் 21,000 ரூபாய். காலம் 2025 பிப்ரவரி, சாம்பியன்ஸ் கோப்பை நடந்துகொண்டிருக்கிறது. அறையில் உடனிருக்கும் நண்பர் கேட்கிறார்: “மச்சி, உன் பழைய அக்கவுண்ட் சும்மாதானே கெடக்கு? எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தருக்கு லிமிட் முடிஞ்சு போச்சு. மேட்ச் முடியற வரைக்கும் கொடு, பத்தாயிரம் தருவாரு. உன் காசுல ஒத்த ரூபா போகாது.” அந்தக் கடைசி வாக்கியம் அந்த நேரத்துக்கு உண்மைதான். கணக்கில் இருந்தது 340 ரூபாய். இழக்க எதுவும் இல்லை என்று நினைத்து இளைஞர் கார்டையும் சிம்மையும் கொடுத்துவிடுகிறார்.

பன்னிரண்டு நாட்களில் அந்தக் கணக்கில் 386 வரவுகள், மொத்தம் 31,40,000 ரூபாய். பெரும்பாலானவை 500 ரூபாய் முதல் சில ஆயிரம் வரை, பல மாநிலங்களிலிருந்து, ஆட்டம் நடக்கும் நேரத்தையொட்டி வந்தவை. வந்த பணம் நிமிடக் கணக்கில் வேறு கணக்குகளுக்குப் போய்விடுகிறது. நாள் முடிவில் மிச்சம் சில நூறு ரூபாய்தான். அதில் ஒரே ஒரு வரவு மட்டும் வித்தியாசமானது. தெலங்கானாவில் ஓய்வுபெற்ற ஒருவர் போலி முதலீட்டுத் தளம் ஒன்றை நம்பி அனுப்பிய 1,80,000 ரூபாய் அது. அவர் ஏமாந்ததை உணர்ந்து இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கிறார்.

வங்கிகள் இத்தகைய கணக்கைக் கண்டுபிடிப்பதும் இந்த வடிவத்தை வைத்துத்தான். மாதக்கணக்கில் தூங்கிய கணக்கு திடீரென விழிப்பது, முன்பின் தொடர்பில்லாத நூற்றுக்கணக்கானோரிடமிருந்து சிறு தொகைகள் வருவது, வந்த வேகத்தில் வெளியேறுவது, இருப்பு எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியிருப்பது, பொம்மசந்திராவில் சம்பளம் வாங்குபவரின் கணக்கு வேறோர் ஊரில் உள்ள கருவியிலிருந்து இயங்குவது ஆகியவற்றை அவை கவனிக்கின்றன. கணக்கைக் கொடுத்துவிட்டு ஸ்டேட்மெண்டை எடுத்துப் பார்க்கும் எவருக்கும் இதே அடையாளங்கள் கண்ணில் படும். கொடுத்தவர்கள் பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. சிம்மே கையில் இல்லாதபோது குறுஞ்செய்தியும் அவர்களுக்கு வருவதில்லை.

1930க்குப் போன அழைப்பு தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் ஒரு புகாராகப் பதிவாகி, ஒப்புகை எண் பெறுகிறது. அங்கிருந்து பணம் போன வங்கிக்குத் தகவல் போகிறது. புகார் கொடுத்தவரின் பணம் நேரடியாக விழுந்த கணக்குதான் போலீஸ் மொழியில் ‘முதல் லேயர்’. அங்கிருந்து அது பிரிந்து போன கணக்குகள் இரண்டாவது, மூன்றாவது லேயர்கள். நம் இளைஞரின் கணக்கு முதல் லேயர். வங்கி அதில் 1,80,000 ரூபாய்க்கு ‘லியன்’ போடுகிறது, அதாவது அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி பிடித்து வைக்கிறது. கணக்கிலோ அவ்வளவு பணம் இல்லை. அப்படியானால் லியன் என்ன செய்யும்? இனி உள்ளே வரும் ஒவ்வொரு ரூபாயையும் பிடித்துக்கொள்ளும். அதே வங்கியில் அவருடைய சம்பளக் கணக்கும் இருந்தால் வங்கி அதையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கும். பல நேரங்களில் தொகையோடு நிற்காமல் கணக்கையே முழுதாக முடக்கிவிடுகிறார்கள். சம்பளம் வந்தும் எடுக்க முடியாமல், பைக் கடனின் தவணை திரும்பிப்போய், அதற்கு அபராதம் சேர்ந்து, கடன் மதிப்பெண் இறங்கிய பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

இந்த வரவைப் பற்றிப் புகார் வந்தது தெலங்கானாவிலிருந்து. மீதி 385 வரவுகளில் வேறு யாராவது, வேறு மாநிலத்தில், பந்தயத்தில் தோற்ற கோபத்திலேயே ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று புகார் கொடுக்கலாம். அப்படி வரும் ஒவ்வொரு புகாருக்கும் தனி எண், தனிக் காவல் நிலையம், தனி லியன். ஒன்றை விடுவித்தால் அடுத்தது இருக்கும். பெங்களூரில் இருப்பவர் உள்ளூர் சிஇஎன் காவல் நிலையத்துக்குப் போய் நின்றால், புகார் பதிவான மாநிலத்தை அணுகுங்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். பத்தாயிரம் ரூபாய்க்குக் கொடுத்த கணக்கை மீட்கப் போக்குவரத்துக்கும் வழக்கறிஞருக்கும் அதைவிடப் பல மடங்கு போகிறது.

அடுத்து நோட்டீஸ் வரும். விசாரணை அதிகாரி முன்னால் ஆஜராகும்படி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)ஆம் பிரிவில் அனுப்பும் நோட்டீஸ் அது. பழைய சட்டத்தில் 41ஏ என்று அறியப்பட்டதன் வாரிசு. அதற்கு ஆஜராகி ஒத்துழைத்தால் பொதுவாகக் கைது தேவைப்படாது. பொருட்படுத்தாமல் விட்டால் கைது செய்ய அதுவே காரணமாகிவிடும். எந்தக் குற்றம் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். ஏமாற்றிப் பணம் பறித்ததற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) ஏழு ஆண்டு வரை சிறை தரும். அதில் 317ஆம் பிரிவை இரவல் கொடுப்பவர்கள் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். திருட்டுச் சொத்து எது என்பதற்கான பழைய தண்டனைச் சட்டத்தின் விளக்கத்தில் ஏமாற்றிப் பெற்ற பொருள் இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதைச் சேர்த்துவிட்டது. ஏமாற்றிப் பெற்ற பணம் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ, நேர்மையற்று அதை வாங்கி வைத்திருந்தாலே மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. ஒரு கும்பலின் அங்கமாகச் சட்டவிரோதப் பந்தயத்தில் ஈடுபடுவதை 112ஆம் பிரிவு சிறு அமைப்பு சார்ந்த குற்றம் என்று வகைப்படுத்தி, ஓராண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. இவற்றோடு 1963ஆம் ஆண்டின் கர்நாடகக் காவல் சட்டத்தில் உள்ள சூதாட்டப் பிரிவுகளும் சேரலாம். நம் எடுத்துக்காட்டு 2025 பிப்ரவரியில் நடப்பதால் ஆகஸ்டில் வந்த புதிய சட்டம் அவரைத் தொடாது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு கொடுத்தவர்கள் அதன் ஏழாம் பிரிவையும் கணக்கில் கொள்ள வேண்டும். தங்கள் கணக்கைக் கொடுத்தவர்கள்வரை அதை நீட்ட முடியுமா என்பதை நீதிமன்றங்கள்தான் வரையறுக்கும்.

வழக்கு முழுவதும் தெரிந்து செய்தாரா என்ற ஒரு கேள்வியைச் சுற்றியே நடக்கும். கணக்கைக் கொடுத்ததே குற்றம் ஆகிவிடாது. ஏமாற்றும் நோக்கத்தில் அவருக்குப் பங்கு இருந்ததா என்பதைக் காட்ட வேண்டியது அரசுத் தரப்பு. ஆனால் அந்த நோக்கத்தை எதிலிருந்து ஊகிக்கிறார்கள் என்று பார்த்தால் நம் இளைஞர் எவ்வளவு பலவீனமான இடத்தில் நிற்கிறார் என்று புரியும். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தாரா? ஆம், பத்தாயிரம். சிம்மைக் கொடுத்தாரா? ஆம். தன் அண்ணனுக்கோ தம்பிக்கோ அவசரத்துக்குக் கொடுப்பவர் யாரும் சிம்மைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. யாருக்குக் கொடுத்தார்? நண்பர் சொன்ன ஓர் அண்ணனுக்கு, முழுப்பெயர் தெரியாது, டெலிகிராமில் ஒரு புனைபெயர் மட்டும் உண்டு. தெரிந்தவுடன் வங்கிக்குச் சொன்னாரா? சொல்லவில்லை. ஒவ்வொரு பதிலும் அவரை ஏமாளி என்ற இடத்திலிருந்து உடந்தை என்ற இடத்துக்கு நகர்த்துகிறது. என் பார்வையில், வாங்கிய பத்தாயிரத்தைவிடக் கொடுத்த சிம்தான் அவருக்கு எதிரான பலமான சாட்சி.

ஏமாற்றுக் குற்றம் வழக்கில் சேர்ந்துவிட்டால் இன்னொரு கதவு திறக்கிறது. சூதாட்டப் பிரிவுகள் மட்டும் இருக்கும் வழக்கைவிட ஏமாற்று வழக்கு கனமானது. கள்ளப்பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் ஏமாற்று இடம்பெற்றிருப்பதால், அமலாக்கத் துறை உள்ளே வர முடியும். குற்றத்தின் வருமானத்தை மறைக்கத் தெரிந்தே உதவுவதும் அந்தச் சட்டத்தில் குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுக் கடுங்காவல். ஜாமீனுக்கு, குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதி திருப்தியடைய வேண்டும். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனைகளை உறுதி செய்தது. ஒவ்வொரு சிறு கணக்குக்காரரையும் அமலாக்கத் துறை தேடிப் போவதில்லை, அது உண்மை. ஆனால் பெரிய வழக்கின் ஓட்டத்தில் அவர் கணக்கும் இருந்தால் சம்மன் வரும், இருப்பு முடக்கப்படும்.

பெங்களூரில் இதற்கு முன்மாதிரி உண்டு. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் கடன் செயலிகள் தொடர்பாக அமலாக்கத் துறை இந்நகரில் ஆறு இடங்களில் சோதனை நடத்தி, 17 கோடி ரூபாயைப் பறிமுதல் செய்ததாக அறிவித்தது. பெங்களூரு மாநகர இணையக் குற்றக் காவல் நிலையம் பதிந்த 18 வழக்குகள்தான் அதற்கு அடிப்படை. இந்தியர்களின் போலி ஆவணங்களைக் கொண்டு அவர்களைப் பெயரளவு இயக்குநர்களாக்கி நிறுவனங்கள் நடத்தப்பட்டன என்று துறை சொன்னது. அது பந்தயம் அல்ல, கடன். என்றாலும் அங்கும் முன்னால் நின்றவை சாதாரண மனிதர்களின் பெயர்களே. 2025 ஆகஸ்டில் சித்ரதுர்கா சட்டமன்ற உறுப்பினர் கே.சி.வீரேந்திராவை இணையப் பந்தயத் தளங்கள் நடத்தியதாகக் குற்றஞ்சாட்டி அமலாக்கத் துறை காங்டாக்கில் கைது செய்தது. அந்தக் குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டியது. கர்நாடகத்தில் இந்தத் தொழிலை விசாரணை அமைப்புகள் எவ்வளவு பெரிதாகப் பார்க்கின்றன என்பதற்கு அது ஓர் அறிகுறி.

போலீஸ் வழக்கிலிருந்து தப்பினாலும் வருமான வரி தனியாக வரும். வரித்துறை பான் எண்ணைப் பார்க்கிறது. 31,40,000 ரூபாய் யார் பான் எண்ணில் வந்ததோ அவரிடம்தான் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும். அந்த நிதியாண்டுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில், விளக்கம் தர முடியாத பணத்துக்கு வரி 60 விழுக்காடு. அதன்மேல் 25 விழுக்காடு உபரி வரி, 4 விழுக்காடு கூடுதல் தீர்வை. மூன்றும் சேர்ந்து 78 விழுக்காடு. அதிகாரி முழுத் தொகையையும் அவருடையதாகவே எடுத்துக்கொண்டால் வரி மட்டும் ஏறக்குறைய 24,49,000 ரூபாய் ஆகும். அவருக்குக் கிடைத்ததோ பத்தாயிரம். பணம் தன்னுடையது அல்ல, தன் கணக்கு வழியாகப் போனது மட்டுமே என்று வாதிட வழி இருக்கிறது. வந்த வேகத்தில் வெளியேறியதை ஸ்டேட்மெண்டே காட்டும். ஆனால் அப்படியானால் யாருடையது என்ற அடுத்த கேள்விக்கு ஒரு பெயரும் முகவரியும் தேவை. புனைபெயரை வைத்துக்கொண்டு மேல்முறையீடுவரை போக வேண்டியிருக்கும். 2016 நவம்பரில், பணமதிப்பிழப்பு அறிவிப்புக்குப் பிறகு, அடுத்தவரின் பழைய நோட்டுகளைத் தங்கள் கணக்கில் போட இடம் கொடுத்தவர்களுக்கும் நிதி அமைச்சகம் இதே எச்சரிக்கையைத்தான் விடுத்தது. கணக்கை அப்படிப் பயன்படுத்த அனுமதிப்பவர் உடந்தையாக இருந்ததற்காக வழக்கைச் சந்திக்கலாம் என்றது.

வங்கிக் கணக்கைக் கொடுக்காமல் விளையாட்டுச் செயலியின் ஐடியை மட்டும் நண்பருக்குக் கொடுத்தவர்களும் உண்டு. 2025 ஆகஸ்டில் உள்நாட்டு நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தும்வரை இது மிகச் சாதாரணமாக நடந்தது. அதில் போலீஸ் சிக்கல் குறைவு. வரிச் சிக்கல் வேறு உருவத்தில் வரும். 2023 ஏப்ரல் முதல் இணைய விளையாட்டில் ஜெயித்த நிகரத் தொகைக்கு 30 விழுக்காடு தட்டையான வரி. நிறுவனமே அதைப் பிடித்து, ஐடி யார் பெயரில் இருந்ததோ அவர் பான் எண்ணில் கட்டியது. ஜெயித்தது நண்பர், வருமானம் ஏறியது உங்கள் பெயரில். அதை வருமான வரித் தாக்கலில் காட்டாமல் விட்டால் பின்னாளில் நோட்டீஸ் வரும்.

கொடுத்துவிட்டவர் என்ன செய்யலாம்? முடக்கம் வருமுன் தெரிந்துகொண்டால், அன்றே வங்கிக் கிளைக்குப் போய்க் கார்டையும் நெட்பேங்கிங்கையும் யுபிஐயையும் நிறுத்தும்படி எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். சிம்மை முடக்கி அதே எண்ணில் புதிதாக வாங்க வேண்டும். பிறகு யாரிடம், எப்போது, எப்படிக் கொடுத்தோம் என்பதைக் காவல் நிலையத்தில் எழுத்தில் தர வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. அந்த எழுத்து தனக்கே எதிராகவும் படிக்கப்படலாம். பயத்தில் பலர் செய்யும் இரண்டு காரியங்கள் நிலைமையைக் கெடுக்கின்றன. ஒன்று, டெலிகிராம் உரையாடலை அழித்துவிடுவது. தன்னை இயக்கியவர் வேறொருவர் என்று காட்ட இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். மற்றொன்று, மிச்சமிருக்கும் பணத்தை அவசரமாக எடுத்துச் செலவழிப்பது. அந்த ஒரு செயல் அதுவரை வெறும் இரவல் கொடுத்தவராக இருந்தவரைப் பணத்தை அனுபவித்தவராக மாற்றிவிடும்.

முடங்கிய பிறகு முதல் வேலை, வங்கியிடம் எழுத்தில் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குவது. புகாரின் ஒப்புகை எண், முடக்கச் சொன்ன காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு என்பவை அவை. தொகை தெரிந்தால் பாதி வழி தெளிவாகும். கேரள உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் பிடித்து வைத்துவிட்டு மீதியை இயக்க விட வேண்டும் என்றது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல், தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்கிவைப்பதை ஏற்கவில்லை. சொத்தைக் கைப்பற்றியதைப் போலீஸ் உடனே மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு. அதை விடுவிக்கக் கேட்டு 503ஆம் பிரிவில் மனுப் போடுவது அந்த மாஜிஸ்ட்ரேட்டிடம். ஒரே மாநிலத்தில் ஒரே புகார் என்றால் இந்த வழி போதும். மாநிலங்கள் பல என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுவதைத்தான் பெரும்பாலோர் நாடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்புகள் யாருக்காக வந்தவை என்பதையும் பார்க்க வேண்டும். வியாபாரத்தில் வாங்கிய பணத்தில் எங்கோ மோசடிப் பணமும் கலந்திருந்ததால் கணக்கு முடங்கியவர்களுக்கே அவை முதன்மையாக உதவுகின்றன. அவர்களிடம் பில் இருக்கிறது, சரக்கு போனதற்குச் சான்று இருக்கிறது. நம் இளைஞரிடம் 386 வரவுகளில் ஒன்றுக்குக்கூட விளக்கம் இல்லை. அவர் போகும் நீதிமன்றம் சம்பளத்தை எடுக்க அனுமதி கொடுக்கலாம், லியனை 1,80,000 ரூபாயோடு நிறுத்தும்படி சொல்லலாம். தெலங்கானாக்காரரின் பணத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதை அந்த உத்தரவு நீக்காது. அவரைக் கேட்ட அறைத்தோழரையும், அந்தப் பெயரில்லாத அண்ணனையும் விசாரணை எட்டும்வரை வழக்குக் கோப்பில் இருக்கும் ஒரே பெயர் அவருடையது.